காரைக்குடியில் கண்ணாடி மாற்றிய கதை: பி.டி. என்ற அந்த ஒரு அளவு

சிங்கப்பூரில் இருந்து ஊருக்குப் போகிறவர்கள் பலரும் பல் டாக்டரையும் கண்ணாடிக் கடையையும் லிஸ்டில் வைத்திருப்போம். விலை குறைவு, வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும். இந்தத் தடவை காரைக்குடியில் கண் டெஸ்ட் நன்றாகவே செய்தார்கள். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 5.50. பழைய பவரேதான், பிரேம் மட்டும் புதுசு. ஆனால் போட்ட அன்றே புருவத்துக்கு மேலே ஒரு இழுப்பு ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் நெற்றிப்பொட்டு வரைக்கும் வலி வந்துவிட்டது.

"நாலஞ்சு நாள் போட்டா செட் ஆகிரும்ணே" என்றார் கடைப் பையன். புதுப் பவருக்கும், சிதறல் பார்வைக்குப் போடும் புதுச் சிலிண்டர் பவருக்கும் அது சரியான பதில்தான். என் பவர்தான் மாறவே இல்லையே. அதோடு இரண்டு விஷயம் உதைத்தது. போன் பார்க்கும்போது தொந்தரவு இல்லை, தூரத்தில் பார்த்தால்தான் இழுக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் சுத்தமாக நின்றுவிடுகிறது. பவர் தப்பாக இருந்தால் பெரும்பாலும் ஒரு கண்ணால் பார்த்தாலும் மங்கலாகத் தெரியும். ஒற்றைக் கண்ணில் தெளிவாக இருந்து, இரண்டும் சேரும்போது மட்டும் வலித்தால் லென்ஸ் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சந்தேகப்படலாம்.

மாமா சொல்லி வேறொரு கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் கண்ணாடியை லென்ஸோமீட்டரில் வைத்து, ஒவ்வொரு லென்ஸின் ஒளி மையத்திலும் மைப்புள்ளி குத்தினார். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் இரண்டு புள்ளிக்கும் நடுவே 70 மில்லிமீட்டர். அப்புறம் என் கண்பாவைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தார்: 62. இந்த இரண்டாவது அளவைத்தான் பி.டி. என்கிறார்கள். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 54க்கும் 74க்கும் நடுவில் இருக்கும்.

70 எங்கிருந்து வந்தது என்பதை பிரேமின் காம்பே சொன்னது. உள்பக்கம் 52-18 என்று அச்சிட்டிருந்தது. லென்ஸின் அகலம் 52, மூக்குப் பாலம் 18, கூட்டினால் 70. அதாவது என் கண்ணை அளக்காமல், லென்ஸை பிரேமின் நடுவில் வைத்து வெட்டியிருக்கிறார்கள்.

எட்டு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். மையத்தைத் தாண்டி மற்ற இடத்தில் பார்த்தால் லென்ஸ் ஒரு பிரிசம் மாதிரி ஒளியை வளைக்கிறது. கணக்கு சுலபம்: எத்தனை சென்டிமீட்டர் விலகலோ அதைப் பவரால் பெருக்க வேண்டும். ஒரு பக்கம் 0.4 சென்டிமீட்டர், பவர் 5.50, ஆக 2.2. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 4.4 பிரிசம். ஒரு பிரிசம் என்பது ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் நகர்வு. எங்கள் வீட்டு வளவில் ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் தூணைப் பார்த்தால், இரண்டு கண்ணுக்கும் தெரியும் தூண்கள் 22 சென்டிமீட்டர் விலகி நிற்கும். அதை ஒன்றாக்குவது கண் தசைகளின் வேலை.

மைனஸ் லென்ஸின் மையங்கள் கண்களைவிட அகலமாக இருந்தால், கண்கள் வெளிப்பக்கமாகத் திரும்பியாக வேண்டும். உள்பக்கம் திரும்புவது கண்ணுக்குத் தினசரி வேலை, வெளிப்பக்கம் திரும்பக் கொஞ்சம்தான் முடியும். அதனால்தான் தூரப் பார்வையில் வலி. கிட்டப் பார்க்கும்போது கண்கள் எப்படியும் உள்ளே திரும்ப வேண்டியிருப்பதால் இந்தப் பிரிசம் அந்த வேலையைக் குறைத்துவிடுகிறது, போன் உறுத்தவில்லை. இதே தப்பு மைனஸ் 1 பவரில் நடந்திருந்தால் மொத்தமே 0.8 பிரிசம்தான், கவனித்திருக்கவே மாட்டேன்.

மெஷின் இல்லாமலும் ஓரளவு பார்க்கலாம். கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, லென்ஸ் வழியாக ஒரு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். லென்ஸுக்குள் தெரியும் கம்பி, வெளியே மேலும் கீழும் தெரியும் கம்பியிலிருந்து விலகித் தெரியும். பக்கவாட்டில் நகர்த்தினால் ஓரிடத்தில் மூன்றும் ஒரே கோட்டில் சேரும். அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு, அடுத்த லென்ஸிலும் அப்படியே, அப்புறம் ஸ்கேல். சிலிண்டர் பவர் சாய்ந்திருந்தால் இது துல்லியமாக வராது, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸாக வரும் புரோகிரசிவ் லென்ஸுக்கு உதவாது.

முதல் கடைக்காரர் அளவைப் பார்த்ததும் மறுபேச்சு இல்லாமல் லென்ஸை மாற்றிக் கொடுத்தார். ஆனால் "வெளி ஓரம் தடிமனாத் தெரியும்ணே" என்றார். உண்மைதான். மையத்தை மூக்குப் பக்கம் நகர்த்தினால் மைனஸ் லென்ஸின் தடித்த ஓரம் வெளியே வரும். அது பிடிக்காதவர்கள் காம்பில் உள்ள இரண்டு எண்ணின் கூட்டல் தங்கள் பி.டி.க்குப் பக்கத்தில் வரும் சின்ன பிரேமாகப் பார்த்து எடுக்கலாம்.

ஆத்தாவுக்குப் புரோகிரசிவ் ஆர்டர் கொடுத்தபோது மொத்த அளவு போதாது என்று பெரியவரே சொல்லிவிட்டார். மூக்கின் நடுவிலிருந்து வலது கண் தனி, இடது கண் தனி. அவர் குறித்தது 29, 31. இரண்டையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.