குடியாத்தத்தில் நான்கு கோடை: இன்வெர்ட்டரில் ஓடும் என் டெஸ்க்டாப்

கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில், வீட்டிலேயேதான் வேலை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினால் மாலை 5 ஆகும் நாட்கள் உண்டு. முகூர்த்த மாதத்தில் அந்த எட்டு மணி நேரத்தைச் சும்மா விட முடியாது.

2012-இல் நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத காலத்தில் வாங்கிய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஒன்று இருந்தது. பழைய கம்ப்யூட்டர் அதில் ஓடியது. எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையில் இருந்து ஒரு 'ங்ங்' சத்தம் வரும், ஆனால் ஓடும். 2021-இல் கொஞ்சம் நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டுப் புது சிஸ்டம் எடுத்தேன். கரண்ட் போன முதல் நாளே அது அணைந்தது. காசு கூடக் கொடுத்து வாங்கிய பொருள்தான் அந்த இன்வெர்ட்டரில் ஓடவில்லை.

காரணம் பிறகு புரிந்தது. இப்போது வரும் தரமான எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சர்க்யூட் இருக்கிறது. கரண்டின் அலை மெல்ல ஏறி இறங்கும் என்று நம்பி, அதன் போக்கிலேயே மின்னோட்டத்தை இழுப்பது அதன் வேலை. ஸ்கொயர் வேவ் மெல்ல ஏறாது, செங்குத்தாகத் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் எஸ்எம்பிஎஸ் வெடுக்கென்று மின்னோட்டத்தை இழுக்கிறது. அதில் இன்வெர்ட்டர் ஓவர்லோடு காட்டும், அல்லது எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணையும். இரண்டும் நடக்காமல் சத்தத்தோடு ஓடிக்கொண்டே இருந்தால் அதுதான் மோசம், உள்ளே பாகங்கள் சூடாகிக்கொண்டிருக்கும். ஆக, 2022-இல் மெல்ல ஏறி இறங்கும் அலையைத் தரும் 900 விஏ சைன் வேவ் இன்வெர்ட்டர், 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். முதல் மாதத்தில் மட்டும் ஏழு முறை ரீஸ்டார்ட்! விண்டோஸின் Event Viewer-இல் ஒவ்வொன்றுக்கும் Kernel-Power 41, அதாவது முறையாக அணையாமல் மறுபடி கிளம்பியது என்று பதிவு. விற்ற கடைக்காரர், "கம்ப்யூட்டர்லதாண்ணா ஃபால்ட்டு, இன்வெர்ட்டர் சூப்பரா கீது" என்று சொல்லிவிட்டார். எனக்கு வழி காட்டியது ஒரே ஒரு கவனிப்பு. மெயில் பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஒன்றும் ஆவதில்லை. ஆல்பம் எக்ஸ்போர்ட் ஓடும்போது போனால்தான் அணைகிறது.

கரண்ட் போன நொடிக்கும் இன்வெர்ட்டர் ஏற்கும் நொடிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் உயிரோடு இருப்பது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரின் சேமிப்பில். முழு லோடில் அது ஏறத்தாழ 16 மில்லிசெகண்ட் தாங்கும், லோடு குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. என் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட நேரம் எடுத்தது. ஏனென்றால் பின்பக்கம் இருக்கும் குட்டி சுவிட்ச் 'யுபிஎஸ்' பக்கம் இல்லை, 'எக்கோ' பக்கம் இருந்தது. பொருத்த வந்தவரும் சொல்லவில்லை, நானும் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. சுவிட்சை மாற்றினேன். வேண்டுமென்றே எக்ஸ்போர்ட்டை ஓடவிட்டு மெயினை அணைத்துப் பார்த்தேன். ட்யூப்லைட் லேசாகச் சிமிட்டியது, எக்ஸ்போர்ட் நிற்கவில்லை. இந்தச் சோதனையை வேலை இல்லாத சமயத்தில், ஃபைலை எல்லாம் சேவ் செய்துவிட்டுச் செய்யுங்கள்.

யுபிஎஸ் மோடுக்கு ஒரு விலை உண்டு. எக்கோவில் 100 வோல்ட் வரை இறங்கினாலும் என் பெட்டி கரண்டை ஏற்கும். யுபிஎஸ்ஸில் 180-க்குக் கீழே போனால் பேட்டரிக்கு மாறிவிடும். ஏப்ரல், மே மாத இரவுகளில் தெருவே ஏசி போடும்போது எங்கள் வீட்டில் 175 வரை இறங்கியது. கரண்ட் இருக்கும்போதே 'டக்... டக்' என்று ரிலே மாறிக்கொண்டே இருந்தது, பேட்டரி கரைந்தது. ஸ்டெபிலைசர் வாங்கலாம் என்று கிளம்பியபோது எலக்ட்ரீஷியன் அண்ணன் தடுத்தார். "இரு தம்பி, மோட்டாரைப் போடு" என்றார். மல்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடியதும் ஒரேயடியாக 20 வோல்ட் விழுந்தது, பக்கத்து வீட்டில் அப்படி விழவில்லை. மெயினைக் கழற்றிப் பார்த்தால் ஃபியூஸ் கட்டையின் ஒரு முனை கருகி, ஒயர் தளர்ந்து கிடந்தது. கட்டையை மாற்றியதும் இரவிலும் 190-க்கு மேல் நிற்கிறது. ஸ்டெபிலைசர் காசு மிச்சம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரண்ட் இருக்கும்போது இந்த வகை இன்வெர்ட்டர் வோல்டேஜைச் சீராக்குவதில்லை, வந்ததை அப்படியே உள்ளே அனுப்புகிறது. காற்று மழையில் நியூட்ரல் அறுந்து, பல்புகள் அளவுக்கு மீறிப் பிரகாசமாக எரிந்தால் இன்வெர்ட்டரை நம்பி உட்காராதீர்கள். மெயினை அணையுங்கள்.

பேட்டரிக் கணக்குக்கு வருவோம். வாட் மீட்டரில் பார்த்தபோது மானிட்டரோடு சேர்த்து என் சிஸ்டம் சாதாரண வேலையில் 100 வாட், எக்ஸ்போர்ட்டில் 190. மோடம் 8, லைட் 20, பழைய சீலிங் ஃபேன் 75. ஆக, சாதாரண வேலையில் சுமார் 200 வாட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியில் இருந்து 21 ஆம்பியர் போகிறது. 150-ஐ 21-ஆல் வகுத்து ஏழு மணி நேரம் என்று மகிழக் கூடாது. அந்த 150 என்பது இருபது மணி நேரத்தில் மெல்ல இறக்கினால் கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் குறையும். புதிதில் எனக்குக் கிடைத்தது ஐந்தரை மணி நேரம். கம்ப்யூட்டரில் எதையும் குறைக்காமல் ஃபேனை மட்டும் 30 வாட் பிஎல்டிசியாக மாற்றியதில் ஏழுக்கு மேல் வந்தது. இந்த நான்காம் கோடையில் ஐந்து மணி நேரத்தில் திணறுகிறது. வேலூர் வெயிலில் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் இறங்குகிறது. மேற்குச் சுவரோரம் வைத்திருந்ததை உள்ளறைக்கு மாற்றி, கோடையில் மட்டும் மாதம் ஒருமுறை மிதவையைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் விடுகிறேன். முதலிலேயே செய்திருக்கலாம்.

பேட்டரி தீர்ந்து இன்வெர்ட்டர் தானாக அணையும் வரை விடுவதில்லை. அது பேட்டரிக்கும் கேடு, எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கும் கேடு. ஆனால் வீட்டு இன்வெர்ட்டரில் யுஎஸ்பி கிடையாது, கரண்ட் போனது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் ஒரு பழைய ரவுட்டரை இன்வெர்ட்டர் லைன் இல்லாத ப்ளக்கில் செருகி, கேபிளால் மோடத்தோடு இணைத்திருக்கிறேன். கரண்ட் போனால் அது செத்துவிடும். வெளியே போகும் நாட்களில் கீழே உள்ள வரியை ஒரு பேட்ச் ஃபைலில் வைத்து, Task Scheduler அரை மணிக்கு ஒருமுறை ஓட்டும்படி விடுவேன். முகவரி உங்கள் பழைய ரவுட்டருடையது.

```
ping -n 3 192.168.1.50 | find "TTL=" || shutdown /s /t 300
```

அந்த ரவுட்டரிடம் இருந்து பதில் வராவிட்டால் ஐந்து நிமிட அவகாசத்தில் கம்ப்யூட்டர் அணையும். நாற்காலியில் இருந்தால் `shutdown /a` போட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

2022-இல் போட்ட எஸ்எஸ்டியை CrystalDiskInfo-வில் போன வாரம் பார்த்தேன். Unsafe Shutdowns: 9. ஏழு அந்த முதல் மாதக் கணக்கு. எட்டாவது, பெருக்க வந்த அம்மா இன்வெர்ட்டர் ப்ளக்கைத் துடைப்பத்தால் இழுத்தது. ஒன்பதாவது, சிவப்புப் பட்டன் எதற்கு என்று என் பையன் அமுக்கிப் பார்த்தது.