அவை விவாதத்தைச் சுருக்க எது நல்லது: பேச்சாளர் வரிசையா, கட்சி வரிசையா, கேள்வி வரிசையா?

எட்டு மணி நேர விவாதத்தை இரண்டு பக்கத்தில் தர வேண்டும். யார் என்ன வாதிட்டார், வாக்கெடுப்பு எப்படி முடிந்தது என்ற இரண்டும் சிதையக் கூடாது. இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பேசிய வரிசையிலேயே ஒவ்வொருவரையும் சுருக்கலாம். கட்சிவாரியாகத் தொகுக்கலாம். அல்லது அவையில் எழுந்த கேள்விகளைத் தலைப்பாக்கி, ஒவ்வொன்றின் கீழும் பேசியவர்களைக் கொண்டுவரலாம். நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது. அதிலும் விழக்கூடிய குழிகள் உண்டு.

எடுத்துக்காட்டாக, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு இடஒதுக்கீடு தரும் அரசியலமைப்புத் திருத்தத்தைப் பார்க்கலாம். 124-வது திருத்த மசோதாவாக வந்து 103-வது திருத்தச் சட்டமானது. (மசோதாவின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் வேறு வேறு. சுருக்கத்தில் முதலில் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.) மக்களவையில் 2019 ஜனவரி 8 அன்று 323-க்கு 3 என்றும், மறுநாள் மாநிலங்களவையில் 165-க்கு 7 என்றும் நிறைவேறியது.

பேச்சாளர் வரிசையில் எழுதுவது எளிது, சரிபார்ப்பதும் எளிது. அவைக்குறிப்பை அருகில் வைத்துக்கொண்டு வரிசையாக ஒப்பிட்டால் போதும். ஆனால் பத்துப் பேர் சொன்ன ஒரே வாதம் பத்து முறை வரும், அதற்கான பதில் எங்கோ பின்னால் கிடக்கும். பேசியவர் நான்கைந்து பேர்தான் என்றால் இந்த முறையே போதும்.

கட்சி வரிசை நாளிதழ்களுக்குப் பிடித்தது. இந்த மசோதாவில் அது உடைந்துபோகிறது. மக்களவையில் காங்கிரசின் கே.வி. தாமஸ் கூட்டுக் குழுவுக்கு அனுப்பச் சொன்னார். மாநிலங்களவையில் கபில் சிபல் மசோதாவின் சட்ட அடிப்படையையே கேள்வி கேட்டார். கட்சியோ ஆதரித்து வாக்களித்தது. “காங்கிரஸ் ஆதரித்தது” என்று எழுதினால் சிபலின் பேச்சு காணாமல் போகிறது. “காங்கிரஸ் எதிர்ப்புத் தெரிவித்தது” என்றால் வாக்கு தவறாகப் பதிவாகிறது. ஒரு கட்சிக்கு ஒரு வினைச்சொல் என்று வைத்தாலே இந்தச் சிக்கல் வந்துவிடும்.

ஒரு முறையைத் தேர்வதில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: பேச்சையும் வாக்கையும் தனித்தனியாகப் பதிய அது இடம் தருகிறதா? கேள்வி வரிசை தருகிறது. இந்த விவாதத்தில் மூன்று கேள்விகள் நின்றன. பொருளாதார நிலை இடஒதுக்கீட்டுக்கு அளவுகோல் ஆகலாமா? 50 விழுக்காடு உச்சவரம்பு இதற்குப் பொருந்துமா? இவ்வளவு அவசரம் ஏன், குழுவுக்கு அனுப்பினால் என்ன? முதல் கேள்வியின் கீழ் அ.தி.மு.க.வின் தம்பிதுரை, தி.மு.க.வின் கனிமொழி, ஒவைசி ஆகியோர் வருவார்கள். இரண்டாவதில், உச்ச நீதிமன்றம் வைத்த வரம்பு சமூக அடிப்படையிலான ஒதுக்கீட்டுக்கு மட்டுமே உரியது என்ற அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லியின் விளக்கமும், அந்த வரம்பை வைத்த இந்திரா சஹானி தீர்ப்பை முன்வைத்த சிபலின் ஐயமும் அருகருகே நிற்கும்.

குழி அங்கேதான் இருக்கிறது. அருகருகே வைத்ததுமே “சிபலுக்கு ஜேட்லி பதிலளித்தார்” என்று கை எழுதிவிடும். ஜேட்லி அதைச் சொன்னது மக்களவையில், சிபல் பேசியது மறுநாள் மாநிலங்களவையில். ஆகவே இரு அவைகளின் விவாதத்தை ஒரே கேள்வியின் கீழ் கலக்கக் கூடாது. கலந்தே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொரு பெயரோடும் அவையையும் நாளையும் சேர்த்து எழுத வேண்டும்.

இன்னொரு குழி, “எதிர்க்கட்சிகள் கூறின” என்ற சொற்றொடர். இடஒதுக்கீட்டின் அடிப்படை சமூகப் பிற்பட்ட நிலைதான் என்று மறுத்தவர்களும், கொள்கையை ஏற்றுக்கொண்டு அவசரத்தை மட்டும் குறை சொன்னவர்களும் இந்தச் சொல்லுக்குள் ஒன்றாகிவிடுவார்கள். இதைத் தவிர்க்க, எழுதத் தொடங்கும் முன்பே நான்கு கட்டப் பட்டியல் ஒன்று போட வேண்டும்: பெயர், சொன்ன வாதம் ஒரே வரியில், அவைக்குறிப்பின் பக்க எண், வாக்கு. நான்காவது கட்டத்தைப் பேச்சைப் படிக்கும்போது நிரப்பக் கூடாது. பேச்சின் தொனியை வைத்து வாக்கை ஊகிக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. வாக்கெடுப்புப் பட்டியலைத் திறந்து, பெயரைக் கண்டபின் நிரப்ப வேண்டும். குரல் வாக்கெடுப்பாக இருந்தால் பெயர்ப் பட்டியலே இராது. அந்தக் கட்டத்தில் “பதிவில்லை” என்றே எழுத வேண்டும்.

வாக்கெடுப்புப் பத்தியைத் தனியாக, கடைசியில் வைப்பது நல்லது. மக்களவை பற்றிய “மூன்று பேர் மட்டுமே எதிர்த்தனர்” என்ற வரியைப் பாருங்கள். எண் சரி, செய்தி தவறு. கடுமையாக எதிர்த்துப் பேசிய அ.தி.மு.க. வாக்களிக்காமல் வெளிநடப்பு செய்தது. 2014 மக்களவைத் தேர்தலில் 37 இடங்களை வென்ற கட்சி அது. ஆகவே வரி இப்படி இருக்க வேண்டும்: “எதிராக வாக்களித்தவர்கள் 3 பேர். எதிர்த்துப் பேசிய அ.தி.மு.க. வாக்கெடுப்பில் பங்கேற்காமல் வெளியேறியது.” எதிர்த்துப் பேசுவது, எதிர்த்து வாக்களிப்பது, வாக்களிக்காமல் இருப்பது, வெளிநடப்பு ஆகிய நான்குக்கும் நான்கு சொற்கள் வேண்டும். கட்டுரை முழுக்க அவை இடம் மாறக் கூடாது.

எந்தக் கேள்வி மீது வாக்கெடுப்பு நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாநிலங்களவையில் தேர்வுக்குழுவுக்கு அனுப்பக் கோரி கனிமொழி கொண்டுவந்த தீர்மானம் 18-க்கு 155 என்று தோற்றது. மசோதாவுக்கு எதிராக விழுந்ததோ 7. அந்த 7 பேரும் 18-க்குள் இருந்தவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், குழுவுக்கு அனுப்பச் சொன்னவர்களில் குறைந்தது 11 பேர் மசோதாவை எதிர்த்து வாக்களிக்கவில்லை. ஒரே எண்ணிக்கையை மட்டும் தந்தால் இந்த 11 பேர் மறைந்துபோவார்கள்.

தேவையான பெரும்பான்மையையும் ஒரு வரியில் தரலாம். அரசியலமைப்புத் திருத்தம் என்பதால் அவையின் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். மாநிலங்களவையின் 245 பேரில் 123 வேண்டும், கிடைத்தது 165. வெளிநடப்பு செய்தவர்கள் இரண்டாவது கணக்கில் வரமாட்டார்கள், முதல் கணக்கில் வருவார்கள்.

அவையில் அறிவிக்கும் எண்ணிக்கை “திருத்தத்துக்கு உட்பட்டது” என்ற குறிப்போடுதான் வரும். பொத்தான் சரியாகப் பதியாத உறுப்பினர் சீட்டு எழுதிக் கொடுப்பார், அது அவைக்குறிப்பில் அடிக்குறிப்பாக இருக்கும். ஆகவே அன்றிரவே எழுதினால் “அறிவிக்கப்பட்டபடி” என்று சேர்த்து, திருத்திய பதிப்பு வந்ததும் நான்காவது கட்டத்தை மட்டும் மறுபடி பாருங்கள். கேள்வி வரிசையில் இந்தத் திருத்தம் ஒரு பத்தியோடு முடிந்துவிடும். கட்சி வரிசையில் வாக்கு ஒவ்வொரு பத்தியிலும் கலந்திருப்பதால் எல்லாவற்றையும் தொட வேண்டிவரும்.

நகர்மன்றக் கூட்டங்களுக்கு இதே உறுதியோடு சொல்ல மாட்டேன். தீர்மானப் பதிவேட்டில் முடிவு மட்டும் இருந்து, பேச்சு சொல்லுக்குச் சொல் பதிவாகவில்லை என்றால், பக்க எண் கட்டம் காலியாகவே நிற்கும். அப்போது கூட்டத்தில் உட்கார்ந்து எடுத்த குறிப்புதான் ஆதாரம். அதற்குப் பேச்சாளர் வரிசையே பாதுகாப்பு. பக்க எண்ணுக்குப் பதிலாகப் பேசிய நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம்.