முற்றத்துப் பேவர் பிளாக்கை எடுத்து மறுபடி பதித்த அனுபவம்

ஆறு வார விடுப்பில் ஊருக்குச் சென்றபோது, நான் வெளிநாட்டில் இருந்த சமயத்தில் பெற்றோர் வீட்டு முற்றத்தில் பதிக்கப்பட்டிருந்த பேவர் பிளாக்கை முதன்முறையாக நேரில் பார்த்தேன். பதித்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. அப்பா அனுப்பிய படங்களில் தளம் சீராகத்தான் தெரிந்தது. நேரில் நடந்து பார்த்தபோது, மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் அருகே காலடியில் கற்கள் அசைந்தன. வீட்டுச் சுவரை ஒட்டிய ஓரத்தில் பூசியிருந்த சிமென்ட் கலவை வெடித்துத் துண்டு துண்டாகக் கழன்றிருந்தது. வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் வேலையை ஏற்பாடு செய்கிறவர்களுக்கு உதவும் என்பதால், எங்கே தவறு நேர்ந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், எப்படிச் சரிசெய்தோம் என்பதை விவரமாக எழுதுகிறேன்.

முற்றம் 6 மீட்டர் நீளம், 4.5 மீட்டர் அகலம். நீளமான ஒரு பக்கம் வீட்டுச் சுவர், அதற்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் ஓடும் கான்கிரீட் வாய்க்கால், குறுகிய பக்கங்களில் ஒன்று மதில், மற்றொன்று தோட்டம். கற்கள் 200-க்கு 100 மில்லிமீட்டர் அளவும் 60 மில்லிமீட்டர் கனமும் கொண்ட செவ்வகக் கற்கள்; ஆட்கள் நடக்கவும் இருசக்கர வண்டி நிறுத்தவும் இந்தக் கனம் போதும். கல்லில் குறை எதுவும் இல்லை.

முதலில் வேலை செய்தவர் தொலைபேசியில், மழை பெய்ததால் மண் இறங்கிவிட்டது, பள்ளமான இடத்தில் கொஞ்சம் மணல் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்றார். அதில் எனக்குத் திருப்தி ஏற்படவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த வேறொரு மேஸ்திரியை வரவழைத்தோம். அவர் 3 மீட்டர் நீள மட்டக்கட்டையைத் தளத்தின் மீது வைத்துப் பார்த்ததில், குழாய் அருகே 14 மில்லிமீட்டர் பள்ளம் தெரிந்தது. அதன் பிறகு இரண்டு தட்டையான கம்பிகளை இடுக்கில் நுழைத்து நெம்பி, பள்ளத்தில் மூன்று கற்களையும் நடு முற்றத்தில் இரண்டு கற்களையும் எடுத்தார். பள்ளத்தில் மணலின் கனம் 70 மில்லிமீட்டர், நடுவில் வெறும் 15 மில்லிமீட்டர். “தம்பி, அடித்தளத்தில் இருந்த மேடுபள்ளத்தை மணலை வைத்து மறைத்திருக்கிறார்கள். மேலே மட்டமாகத் தெரியும், கீழே மட்டம் கிடையாது,” என்றார்.

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். கல்லுக்குக் கீழே உள்ள மணல், தளத்தை மட்டப்படுத்துவதற்கான பொருள் அல்ல. கற்களின் கனத்தில் இருக்கும் சிறு வேறுபாடுகளை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு கல்லும் முழுப் பரப்பிலும் ஊன்றி நிற்கச் செய்வதே அதன் வேலை. அதற்கு இறுகிய பின் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் கனம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் போதும். கனமாகக் கொட்டிய இடத்தில் மணல் மேலும் மேலும் இறுகி இறங்கும், மெல்லிய இடத்தில் இறங்காது. ஆகவே பதித்த அன்று மட்டமாக இருந்த தளம், சில வாரங்களில் கீழே உள்ள அடித்தளத்தின் வடிவத்தையே மேலே காட்டத் தொடங்குகிறது. பள்ளத்தில் மறுபடி மணல் போட்டால் 70 என்பது 84 ஆகும், அவ்வளவுதான்.

குழாய் அருகே அடித்தளம் இறங்கியதற்கும் காரணம் கிடைத்தது. குழாயைப் புதைக்கத் தோண்டிய பள்ளத்தை மண்ணால் மூடியவர்கள் அதைத் திமிசு போட்டு இறுக்கவில்லை. 200 மில்லிமீட்டர் ஆழத்திற்கு அந்த மண்ணை எடுத்துவிட்டு, சிறு ஜல்லியும் தூளும் கலந்த கலவையை இரண்டு அடுக்காக, ஒவ்வொன்றையும் ஈரமாக்கித் திமிசால் இடித்து நிரப்பினோம். மணலின் கனம் எங்கும் ஒழுங்காக இல்லாததால் 27 சதுர மீட்டரையும் முழுவதுமாக எடுத்து, அடித்தளத்தை நூல் பிடித்துச் சீர்செய்வது என்று முடிவாயிற்று. கல் 60, மணல் 30, ஆக அடித்தளம் முடிந்த மட்டத்திலிருந்து 90 மில்லிமீட்டர் கீழே, அதே வாட்டத்தில் இருக்க வேண்டும்.

வந்திருந்த மணலும் சரியில்லை. கல் அரைக்கும் இடத்தில் சல்லடையில் இறங்கும் மாவு போன்ற தூளைக் கொட்டியிருந்தார்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி தூளும் பாதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தபோது, மாலை வரை தண்ணீர் தெளியவில்லை. மேலே களி போன்ற கனமான படிவு நின்றது. இப்படிப்பட்ட தூள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஈரமான நிலையில் மேலே பாரம் ஏறும்போது சேறாகி, இடுக்குகள் வழியே மேலே கசிகிறது. அசைந்த கற்களைச் சுற்றி நான் பார்த்த சாம்பல் நிறக் கறை அதுதான். கழுவிய கரடுமுரடான மணலை வரவழைத்தோம். மணலில் சிமென்ட் கலந்துவிட்டால் உறுதியாக இருக்குமே என்று நான் கேட்டபோது மேஸ்திரி மறுத்துவிட்டார். அது மெல்லிய தகடாக இறுகி, அடித்தளம் சற்று அசைந்தாலும் உடையும். உடைந்த தகட்டின் மேல் கல் ஆடும். எடுத்துப் பதிக்கலாம் என்றால் கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். ஓரத்தில் சிமென்ட் ஒட்டியிருந்த நாற்பது கற்களை நாங்கள் வீணாக்க நேர்ந்ததைப் பார்த்தபோது அவர் சொன்னதன் பொருள் விளங்கியது.

மணலைப் பரப்பிய விதம் பார்க்கத் தகுந்ததாக இருந்தது. வெளிவிட்டம் 40 மில்லிமீட்டர் உள்ள இரண்டு குழாய்களை அடித்தளத்தின் மீது இணையாகக் கிடத்தி, இடையே மணலைக் கொட்டி, குழாய்களின் மேல் பலகையை வைத்து இழுத்தார்கள். மணல் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், ஆனால் நீர் சொட்டாத ஈரத்தில் இருந்தது. குழாயை எடுத்த தடத்தை மணலால் நிரப்பிய பின் யாரும் அதில் கால் வைக்கவில்லை. பதித்து முடித்த கற்களின் மீது நின்றுகொண்டே முன்னோக்கிப் பதித்துச் சென்றார்கள். தளர்வாக 40 இருக்கும் மணல் இயந்திரத்தால் இறுகும்போது 30 அளவுக்கு வருவதால், கற்கள் இறுதி மட்டத்தைவிட ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உயரத்தில் வைக்கப்பட்டன. ஒரே நாளில் பதிக்கக்கூடிய பரப்புக்கு மட்டுமே மணலை விரித்தார்கள். இரவில் மழை வந்தால் விரித்த மணல் வீணாகிவிடும்.

இனி ஓரம். வாய்க்காலிலிருந்து வரிசையாகப் பதித்து வந்தபோது, கடைசி வரிசைக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே ஒரு முனையில் 20 மில்லிமீட்டரும் மறுமுனையில் 65 மில்லிமீட்டரும் இடைவெளி மிஞ்சியது. சுவரும் வாய்க்காலும் இணையாக இல்லை. பழைய வீடுகளில் இது இயல்பு. முதலில் வேலை செய்தவர்கள் அதைச் சிமென்ட் கலவையால் அடைத்துவிட்டார்கள். மெல்லிய சிமென்ட் பட்டை மணலின் மேல் நிற்காது. கல்லை அந்த அளவுக்குச் சீவி வைத்தாலும் நிற்காது. கல்லின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான துண்டு காலடி பட்டால் சாய்ந்துவிடும் அல்லது உடையும்.

மேஸ்திரி கடைசி முழு வரிசையையே எடுத்துவிட்டார். 100 மில்லிமீட்டர் கல்லும் 3 மில்லிமீட்டர் இடுக்கும் போனதால் இடைவெளி 123 முதல் 168 வரை ஆயிற்று. அங்கே கற்களைத் திருப்பி, 200 மில்லிமீட்டர் நீளம் சுவரை நோக்கி இருக்கும்படி ஒரு வரிசை வைத்து, இருபுறமும் 3 மில்லிமீட்டர் இடுக்கைக் கழித்து 117 முதல் 162 வரை வெட்டினார். எந்தத் துண்டும் பாதிக் கல்லைவிடச் சிறியதாக இல்லை. 6 மீட்டருக்கு 58 துண்டுகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு துண்டையும் அதற்குரிய இடத்தில் அளந்து, எண் எழுதி வெட்டியதால் அந்த ஓரத்திற்கே ஒரு முழு நாள் பிடித்தது. அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. வெட்டிய முகத்தைச் சுவர்ப் பக்கமும், ஆலையில் விளிம்பு மழுங்க வார்த்த முகத்தை முற்றத்தின் பக்கமும் வைத்ததால் வெட்டு கண்ணில் படவே இல்லை. வெட்டும் சக்கரத்தின் மீது தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டினார்கள். இல்லாவிட்டால் எழும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். வெட்டும்போது வழியும் குழம்பைக் காயவிட்டால் கல்லில் வெள்ளைக் கறையாகப் பதிந்துவிடும் என்பதால் வெட்டும் இடத்தைத் தளத்திற்கு வெளியே வைத்தார்கள்.

தோட்டத்துப் பக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே தடுப்பே இல்லாமல் கடைசிக் கல் மண்ணை ஒட்டி நின்றது. கற்கள் ஒன்றையொன்று தாங்குவது இடுக்கில் உள்ள மணலின் உராய்வால்தான். ஓரம் சற்று வெளியே நகர்ந்தாலும் இடுக்குகள் விரிந்து அந்தப் பிடி போய்விடும். மணல் பரப்புவதற்கு முன்பே ஓரக்கற்களை நட்டு, அவற்றின் வெளிப்பக்கம் கான்கிரீட் அணைத்து, இரண்டு நாள் இறுகவிட்டோம்.

இறுக்கும் இயந்திரம் ஒரு நாள் தாமதமாக வந்தது. அதன் தகட்டின் அடியில் ரப்பர் விரிப்பு இல்லை என்று மேஸ்திரி திருப்பி அனுப்பி, விரிப்புடன் வரவழைத்தார். விரிப்பு இல்லாவிட்டால் கல்லின் மேற்பரப்பில் கீறல் விழும். இடுக்கில் மணல் போடுவதற்கு முன் இரண்டு முறை இயந்திரத்தை ஓட்டியதில் கற்கள் இறங்கி, அடியிலிருந்து சிறிது மணல் இடுக்குக்குள் ஏறியது. வெடித்த நான்கு கற்களை அப்போதே மாற்றினார்கள். பிறகு சலித்த மென்மணலைத் தார்ப்பாயில் விரித்து அரை நாள் வெயிலில் காயவைத்து, துடைப்பத்தால் இடுக்குகளுக்குள் தள்ளி, மீண்டும் இயந்திரம் ஓட்டி, மீண்டும் தள்ளினார்கள். ஈர மணல் இடுக்கின் வாயிலேயே அடைத்துக்கொண்டு, நிரம்பியதுபோல் தோற்றம் தரும். மெல்லிய இரும்பு அளவுகோலை இடுக்கில் நுழைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அது எளிதாக உள்ளே இறங்கக் கூடாது.

ஒன்றை மட்டும் முழுதாகச் சரிசெய்ய இயலவில்லை. 4.5 மீட்டருக்கு 75 மில்லிமீட்டர் வாட்டம் வேண்டும் என்று மேஸ்திரி விரும்பினார். வீட்டு வாசற்படியின் உயரமும் வாய்க்காலின் விளிம்பும் மாற்ற முடியாதவையாக இருந்ததால் 55 மில்லிமீட்டர்தான் கிடைத்தது. நான் கிளம்புவதற்கு முந்தைய வாரம் நல்ல மழை பெய்தது. வாசற்படிக்கு அருகே மட்டும் மெல்லிய நீர்ப்படலம் அரை மணி நேரம் நின்று வற்றியது. குழாய் அருகே மட்டக்கட்டையை வைத்தபோது பள்ளம் இல்லை. இடுக்கு மணல் மழையில் ஒரு விரல் நுனி அளவுக்கு இறங்கியிருந்தது. மீதியிருந்த உலர்ந்த மணலைச் சாக்கில் கட்டி வைக்கச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. அதை அப்பாவும் நானும் மறுநாள் பெருக்கி நிரப்பினோம்.