காரைக்குடிப் பக்கம் தூண் ஜாக்கெட்டிங்: தரை ஓடுகளை உடைக்காமல் முடியாது

லீவில் ஊருக்கு வந்து பழைய வீட்டு வேலையை முடித்துவிட்டுப் போக நினைப்பவர்களுக்காக இது. ஜாக்கெட்டிங் என்றால் பழைய தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றிக் கெட்டியாக்குவது. செட்டிநாட்டு வீடுகளில் கல், தேக்குத் தூண்களுக்கு இந்த வேலை பொருந்தாது. பின்கட்டில் பிறகு சேர்த்த கான்கிரீட் தூண்களுக்குத்தான். மேலே பாத்ரூம் ஒழுகி, கம்பி துருப்பிடித்து, மூலையில் நெடுக வெடித்திருக்கும். ஒழுகலை முதலில் அடைக்காவிட்டால் செலவு வீண்.

நான் பார்த்த தூண் 9 அங்குலச் சதுரம், உயரம் 3 மீட்டர். நான்கு பக்கமும் 100 மி.மீ. கூட்டினால் 430 மி.மீ. சதுரமாகும். மூலைக்கு ஒன்றாக 16 மி.மீ. கம்பி நான்கு, நடுவில் 12 மி.மீ. நான்கு, 8 மி.மீ. ரிங். புதுக் கான்கிரீட் மட்டும் சுமார் 0.4 கன மீட்டர், ஒரு டன் எடை. அந்தப் பாரத்தையும் அஸ்திவாரம் தாங்குமா என்று இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கே பெரும்பாலும் சறுக்குவது அடியில். ஆத்தங்குடி ஓடுகளை உடைக்க வீட்டுக்காரருக்கு மனம் வராது. கொத்தனாரும் "தரையிலேருந்தே கட்டிடலாம் சார்" என்பார். அப்படிக் கட்டினால் புதுக் கம்பி எதிலும் ஊன்றாமல் ஓட்டின் மேல் நிற்கும். பாரம் பழைய தூணிலேயே இறங்கும். தூணைச் சுற்றி ஓடுகளைப் பெயர்த்து, தூணின் அஸ்திவாரமான ஃபுட்டிங் தெரியும்வரை தோண்டியே ஆக வேண்டும். ஃபுட்டிங்கில் 16 மி.மீ. கம்பிக்கு 20 மி.மீ. துளை போட்டு, ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதிய பிறகே கெமிக்கல் பசை ஊற்றிக் கம்பியை நட வேண்டும். தூசி மிச்சமிருந்தால் பசை கான்கிரீட்டைப் பிடிக்காது. இறுகிய பின் கம்பியைக் கையால் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது.

தோண்டுமுன் மேலே உத்திரத்துக்கு முட்டு கொடுத்தாக வேண்டும். முட்டு பாரத்தை வாங்கினால்தான், பிறகு அதை எடுக்கும்போது புதுப் பகுதிக்கும் பங்கு போகும். பூச்சையும் பொக்கான கான்கிரீட்டையும் கொத்தி, ஜல்லி தெரிய சொரசொரப்பாக்கி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லுங்கள். ரிங்கை இரண்டு துண்டாக வளைத்துத் தூணைச் சுற்றிக் கட்டுவார்கள். கொக்கி 135 டிகிரிக்கு உள்ளே மடங்க வேண்டும். 90 டிகிரியில் விட்டால் பாரம் ஏறும்போது பிரிந்துவிடும். ரிங் இடைவெளி தூணின் இரு முனைகளிலும் 100 மி.மீ., நடுவில் 200-க்கு மேல் கூடாது.

பழைய முகத்தை நனைத்து, நீர் தேங்காமல் இருக்கும்போது ஊற்றுவது சரி. கம்பிக்கும் பழைய தூணுக்கும் இடையே இரண்டு விரல் சந்துதான் இருக்கும், 20 மி.மீ. ஜல்லி அங்கே சிக்கும், 10 மி.மீ. ஜல்லியோ மைக்ரோ கான்கிரீட்டோ கேளுங்கள். மொத்த உயரத்தையும் ஒரே மூச்சில் ஊற்றாமல், பலகையை மீட்டர் மீட்டராக ஏற்றச் சொல்லுங்கள். உச்சியில் உத்திரத்துக்கடியில் ஒரு கீறல் சந்து விழும். அதைச் சுருங்காத கிரவுட்டால் அடைக்காவிட்டால் ஜாக்கெட் வெறும் சட்டைதான்.

பலகை பிரித்ததும் சுத்தியலால் தட்டினால் பொக்கு எங்கே என்று சத்தமே சொல்லிவிடும். சாக்கு சுற்றி ஈரம் காக்க ஒரு வாரமாவது வேண்டும். முட்டுகளை எப்போது எடுப்பது என்பதை இன்ஜினியரிடம் எழுதி வாங்குங்கள். டிக்கெட் தேதி அதற்கு முந்தியிருந்தால் தண்ணீர் ஊற்றவும் முட்டுகளைப் பார்க்கவும் ஆள் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.