பருப்பு முதலிலா, சோறு முதலிலா: இரண்டு அடுப்பில் மூன்றும் சூடாக இறங்க மூன்று வழிகள்

பெங்களூரு அல்சூரில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் இரண்டு பர்னர் அடுப்பு ஒன்று, 5 லிட்டர் குக்கர் ஒன்று. இதை வைத்துக்கொண்டு மூன்று பேருக்குச் சோறு, முருங்கைக்காய் சாம்பார், வெண்டைக்காய் பொரியல். ராத்திரி 8 மணிக்குத் தட்டு போடும்போது மூன்றிலும் ஆவி பறக்க வேண்டும். சாம்பாரைத் திரும்பச் சூடுபண்ணுவது, ஆறிப்போன பொரியலை வாணலியில் போட்டுப் புரட்டுவது எல்லாம் கணக்கில் வராது. இதற்கு எங்கள் வீட்டுப் பக்கம் நான் பார்த்த வரிசைகள் மூன்று. மூன்றையும் பல நாள் செய்து பார்த்துவிட்டேன், எனக்கு ஒரு முடிவும் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எது வேக அதிக நேரம் எடுக்கும் என்று பார்த்து வரிசை போடுவதுதான் நம் பழக்கம். எது இறக்கி வைத்த பிறகு காத்திருக்கும் என்றுதான் பார்க்க வேண்டும். மூடிய குக்கரில் இருக்கும் சோறு அரை மணி நேரம் கழித்துத் திறந்தாலும் கை சுடும். சாம்பார் கனமான பாத்திரத்தில் மூடி போட்டு இருந்தால் 15, 20 நிமிடம் தாராளமாகத் தாங்கும், பருப்பின் கெட்டித்தன்மை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, புளியும் பொடியும் அந்த நேரத்தில் இன்னும் சேரும். பொரியல் அப்படி இல்லை. தண்ணீர் இல்லாத, சின்னச் சின்னத் துண்டாகப் பரந்து கிடக்கும் பண்டம், இறக்கி ஐந்தாறு நிமிடத்தில் வெதுவெதுப்புக்கு வந்துவிடும். ஆறாமல் இருக்க மூடலாம் என்றால் வெண்டைக்காயில் அதுவும் முடியாது. மூடியில் கோர்க்கும் நீர் சொட்டி, வதக்கி வதக்கிப் போக்கிய வழவழப்பு திரும்ப வந்துவிடும். ஆக, பொரியல்தான் கடைசியில் இறங்க வேண்டும். மற்ற இரண்டும் அதற்குத் தகுந்தபடி முன்னால் போக வேண்டும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி அம்மாவுடையது. சோற்றை முதலில் வைத்துவிடு, அது முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி என்பார். தஞ்சாவூரில் அது சரியாக வந்தது, ஏனென்றால் அங்கே சோறு தனிப் பானையில், வடித்த சோறு. பருப்புக்குத்தான் குக்கர். இங்கே ஒரே குக்கர் என்பதால் சோறு வெந்ததும் அதைத் திறந்து, வேறு பாத்திரத்துக்கு மாற்றி, குக்கரைக் கழுவிப் பருப்பு வைக்க வேண்டியிருக்கிறது. அந்த மாற்றத்தில்தான் எல்லாம் போகிறது. திறந்து கிளறி மாற்றும்போதே சோற்றின் ஆவி பாதி போய்விடும். அதற்குப் பிறகு பருப்பு வேக, அடங்க, சாம்பார் கொதிக்க என்று முக்கால் மணி நேரமாவது ஆகும். சாப்பிட உட்காரும்போது சோறு மேலே காய்ந்தும் நடுவில் மட்டும் சூடாகவும் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் இன்னும் மோசம். 'அப்போ ஹாட்பாக்ஸில் போட்டு வையேன்' என்று போனில் அம்மா சொன்னார், போட்டும் பார்த்தேன். சூடு நிற்கிறது, ஆனால் மூடியில் வியர்த்து மேல் சோறு குழைந்துவிடுகிறது. நடுவில் ஒரு துணி போட்டால் ஓரளவு பரவாயில்லை.

வடித்தே விடலாமே என்றால், பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். திறந்த பானையில் அரிசிக்கும் பருப்புக்கும் ஊர்க் கணக்கை விடக் கொஞ்சம் கூடுதல் நேரம் விட வேண்டும், அதுவரை ஒரு பர்னர் மாட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, மாடி வீட்டு அக்காவின் வழி. குக்கருக்குள் அடுக்குப் பாத்திரம். கீழே பருப்பு, மேலே அரிசி, ஒரே தடவையில் வேலை முடிந்தது. 'ஏம்மா, ரெண்டு தடவை குக்கர் வச்சு கேஸை வீணாக்குற' என்று என்னைக் கேட்டவர் அவர்தான். கேஸ் விஷயத்தில் அவர் சொல்வது உண்மை, நேரமும் கால் மணிக்குக் குறையாமல் மிச்சம். சிக்கல் எங்கே என்றால், துவரம்பருப்புக்கு ஐந்து விசில் வேண்டும், சோனா மசூரி அரிசிக்கு மூன்று போதும். ஐந்து விட்டால் சோறு குழைகிறது, மூன்று விட்டால் பருப்பு மசியாமல் சாம்பாரில் தனியாக மிதக்கிறது. இதற்கு அக்கா வைத்திருக்கும் தீர்வு நல்ல தீர்வு: பருப்பை முக்கால் மணி நேரம் முன்பே கொதிநீரில் ஊறப்போட்டுவிடுவார், அரிசியை ஊறவே விடமாட்டார். ஊறின பருப்பும் ஊறாத அரிசியும் ஏறக்குறைய நாலு விசிலில் சந்தித்துக்கொள்கின்றன.

ஆனாலும் எனக்கு இதில் ஒரு குறை தீரவில்லை. பருப்பு குக்கருக்குள் இருக்கிறது, அது இல்லாமல் சாம்பார் முடியாது. எனவே குக்கரை நடுவில் திறந்தே ஆக வேண்டும். திறந்து பருப்பை எடுத்தபின் சாம்பார் கொதித்து இறங்கக் குறைந்தது 10 நிமிடம், அந்த நேரம் முழுக்கச் சோறு திறந்த குக்கரில். மூடியைத் திரும்பப் போட்டு வைக்கலாம், ஆனால் போன சூடு போனதுதான்.

மூன்றாவது வழிதான் நான் இப்போது தினமும் செய்வது. பருப்பு முதலில் தனியாக, சோறு கடைசியில், அதே குக்கரில். குக்கர் இரண்டு தடவை ஏறுகிறது, கேஸ் கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் ஒரு லாபம் இருக்கிறது. சோற்றுக்கு மூன்றாவது விசில் வந்ததும் குக்கரை இறக்கிவிடுகிறோம் இல்லையா, அது தானாக அடங்க 10 நிமிடம் ஆகும். வெண்டைக்காய் வதங்கவும் அதே 10, 12 நிமிடம்தான். குக்கர் விட்டுப்போன பர்னரில் வாணலி ஏறுகிறது, அங்கே ஆவி அடங்க இங்கே பொரியல் முடிகிறது. வேறு எந்த வரிசையிலும் குக்கர் அடங்கும் நேரம் எனக்கு இப்படிப் பயன்பட்டதில்லை.

ஒரு நாள் கணக்கை அப்படியே சொல்கிறேன். 6.50க்கு அரைத் தம்ளர் துவரம்பருப்பைக் கழுவிச் சுடுநீரில் ஊறவைப்பேன், எலுமிச்சை அளவு புளியும் ஒரு கிண்ணத்தில் ஊறும். அப்போதே வெண்டைக்காயைக் கழுவித் துணியில் பரப்பிவிட வேண்டும், வெட்டும் நேரத்தில் ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. 7.10க்கு மஞ்சள்தூள், ரெண்டு சொட்டு நல்லெண்ணெயோடு பருப்பு குக்கரில். ஒன்றரைத் தம்ளர் அரிசியை இப்போது களைந்து ஊறப்போட்டால் சரியாக இருக்கும். விசில் வரும் நேரத்தில் முருங்கைக்காய், சின்ன வெங்காயம் நறுக்கி, இரண்டாவது பர்னரில் உப்புப் போட்டு வேகவைக்கிறேன். புளித்தண்ணீரை அப்போதே ஊற்றிவிடாதீர்கள், புளிப்பில் காய் லேசில் வேகாது. முக்கால் பதம் வெந்த பிறகுதான் புளியும் சாம்பார் பொடியும்.

7.25க்கு ஐந்தாவது விசில், அணைத்தாயிற்று. அடங்கும்வரை வெண்டைக்காயை நறுக்கலாம். 7.35க்குத் திறந்து பருப்பை மசித்துச் சாம்பாரில் சேர்த்துவிட்டு, குக்கரில் ஒட்டியிருப்பதை அரைக் கரண்டி சுடுநீரில் அலசி அதையும் சாம்பாரிலேயே ஊற்றிவிடுவேன். இங்கே ஒரு நிமிடம் நின்று மூடியைப் பாருங்கள். பருப்பு நுரைத்திருந்தால் வெயிட் உட்காரும் ஓட்டையில் தோல் சிக்கியிருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அரிசி வைக்க வேண்டும். எனக்கு ஒரு முறை மூன்று விசில் வரவேண்டிய நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை, அணைத்துவிட்டுப் பார்த்தால் அதுதான் காரணம்.

குக்கர் ஏற்கெனவே சூடாக இருப்பதால் அரிசி சீக்கிரம் கொதிக்கும். ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், 7.47 சுமாருக்கு மூன்றாவது விசில். இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பர்னரில் உடனே வாணலி. எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், அப்புறம் வெண்டைக்காய். நல்ல தீயில், மூடாமல், உப்பைக் கடைசி இரண்டு நிமிடத்தில். முதலிலேயே உப்புப் போட்டால் நீர் விட்டு நேரமும் இழுக்கும், குக்கரோடு போட்ட கணக்கும் தவறும். சாம்பார் 7.50க்கு இறங்கும், காலியான பர்னரில் தாளிப்புக் கரண்டி வைத்துத் தாளித்துக் கொட்டி மூடிவிடலாம். 7.58க்குக் குக்கர் வெயிட் லேசாகத் தூக்கினாலே சத்தமில்லாமல் வரும். பொரியல் அப்போதும் அடுப்பில்தான் இருக்கும்.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்றே ஒன்று. பொரியல் முந்திவிட்டால் அவசரத்தில் வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியை வெளியேற்றத் தோன்றும். செய்யாதீர்கள். கஞ்சி சீறித் தெறிக்கும், அழுத்தம் சட்டென்று இறங்குவதால் உள்ளே திரும்பக் கொதித்து அரிசி வெடித்துப்போகும். மேலே ஈரமும் அடியில் கட்டியுமாகச் சோறு இருந்தால் அவசரமாகத் திறந்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். அதற்குப் பதில் பொரியல் தீயைச் சிம்மில் வைத்து மூடாமல் விடுங்கள், இரண்டு நிமிடம் கூடுதலாக இருந்தால் வெண்டைக்காய் இன்னும் முறுகும், கெடாது.

எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்த அலசலில் பாதி தேவையில்லை, சோறு அடுப்பை விட்டே போய்விடுகிறது, வார்மில் கிடக்கும். மழைக்காலச் சாயங்காலத்தில் கரண்ட் போனால் மட்டும் பாதி வெந்த அரிசியோடு நிற்க வேண்டியிருக்கும், அதனால் நான் வாங்கவில்லை.

அக்காவின் அடுக்கு முறையை நான் முழுக்க விடவும் இல்லை. பொரியலுக்குப் பதில் கூட்டு என்றால் அதுதான் சிறந்தது, கூட்டும் சாம்பார் மாதிரி மூடி வைத்தால் காத்திருக்கும், கடைசி 10 நிமிட ஓட்டமே கிடையாது. காலையில் ஆபீஸுக்குப் போகும் அவசரத்திலும் அதுதான். வெண்டைக்காய், வாழைக்காய் வறுவல், உருளை ரோஸ்ட் என்று எதுவெல்லாம் வாணலியிலிருந்து நேராகத் தட்டுக்கு வர வேண்டுமோ அன்றைக்கெல்லாம் பருப்பு முதலில், சோறு கடைசியில்.

குளிர் மாதங்களில் இன்னொன்று செய்கிறேன். இறக்கிய குக்கரையும் சாம்பார்ப் பாத்திரத்தையும் வெறும் கிரானைட் மேடையில் வைக்காமல், நாலாக மடித்த துணிமேலோ மரப்பலகைமேலோ வைப்பேன். கல் அடிச் சூட்டை உறிஞ்சிவிடும். குக்கரை எடுத்தபின் அந்த இடத்தில் கை வைத்துப் பாருங்கள், சோற்றிலிருந்து போன சூடு அத்தனையும் கல்லில் இருக்கும்.