மாதம் 400 லீடு வந்தால் எந்த பிளான்? மண்டே, ஏர்டேபிள், சேல்ஸ்ஃபோர்ஸ்

சிஆர்எம் வாங்கும்போது எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை பேர் பயன்படுத்தலாம்?" என்பதைத்தான். ஆனால் பிளானை மாற்ற வைப்பது பெரும்பாலும் வேறு மூன்று வரம்புகள்: ரெக்கார்டு, கஸ்டம் ஃபீல்டு, ஆட்டோமேஷன் ஓட்டம். இவற்றில் எது முதலில் முட்டும் என்பது ஒவ்வொரு மென்பொருளிலும் வேறு.

ஒரே கணக்கை மூன்றிலும் போட்டுப் பார்ப்போம். மாதம் 400 புது லீடு. ஒவ்வொரு லீடுக்கும் சராசரியாக 8 அழைப்பு அல்லது மின்னஞ்சல் குறிப்பு. லீடு வந்ததும் தானாக மூன்று வேலை நடக்க வேண்டும்: ஆளை ஒதுக்குவது, அவருக்குத் தகவல் சொல்வது, அடுத்த அழைப்புக்குத் தேதி போடுவது. அப்புறம் லீடு நான்கு முறை நிலை மாறும். ஒவ்வொரு முறையும் ஒரு அறிவிப்பு.

முதலில் மண்டே. இது எண்ணுவது செயல்களை. ஒரு ஆட்டோமேஷனுக்குள் மூன்று செயல் இருந்தால் மூன்று என்றே கணக்கு. நமக்கு ஒரு லீடுக்கு 3 + 4 = 7 செயல்; மாதம் 2,800. ஸ்டாண்டர்ட் பிளானில் கிடைப்பது மாதம் 250. மூன்றாம் நாளே தீர்ந்துவிடும். அப்புறம் லீடு வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கும், பொறுப்பாளர் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். "எனக்கு எதுவும் வரலையே" என்று விற்பனை ஆட்கள் சொல்லும்போதுதான் விஷயமே தெரியும். அறிவிப்பையெல்லாம் வெட்டி, லீடுக்கு ஒரே செயல் என்று சுருக்கினாலும் 400 ஆகிறது. ஆக ஸ்டாண்டர்டில் இழுத்துப் பிடிக்க வழியே இல்லை. அடுத்த படியான ப்ரோவில் 25,000, அது தாராளம். 250-க்கும் 25,000-க்கும் நடுவில் ஒரு படி இல்லாததுதான் எரிச்சல்.

ஏர்டேபிள் சிஆர்எம் என்று விற்கப்படுவதில்லை. ஆனால் பலர் அதைத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். இங்கே எண்ணுவது ஓட்டத்தை. ஒரு தூண்டல் விழுந்தால் ஒரு ஓட்டம், உள்ளே எத்தனை செயல் இருந்தாலும் சரி. நம் கணக்கில் லீடு வரும்போது ஒன்று, நிலை மாறும்போது நான்கு, ஆக லீடுக்கு 5, மாதம் 2,000. இலவச பிளானின் 100 போதாது. டீம் பிளானின் 25,000 மிச்சமே இருக்கும். ஒரு பொறி மட்டும் உண்டு: `When record updated` என்ற தூண்டலை ஃபீல்டு குறிப்பிடாமல் விட்டால், யாராவது குறிப்பு தட்டச்சு செய்யும்போதெல்லாம் ஓடும். எந்த ஃபீல்டு என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் `When record matches conditions` போடுங்கள்.

இங்கே முட்டுவது ரெக்கார்டு. டீம் பிளானில் ஒரு பேஸுக்கு 50,000, எல்லா டேபிளும் சேர்த்து. லீடுக்கு ஒரு வரி, குறிப்புகளுக்கு எட்டு வரி, மாதம் 3,600. பதினான்காவது மாதத்தில் நிரம்பிவிடும். பிசினஸுக்குப் போனால் 1,25,000. அதுவும் மூன்று வருடத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு குறிப்பையும் தனி வரியாக்காமல் லீடின் உள்ளேயே ஒரு நீளமான எழுத்து ஃபீல்டில் சேர்த்துக்கொண்டே போனால், மாதம் 400 வரிதான். டீம் பிளானே பத்து வருடம் தாங்கும். ஆனால் "போன வாரம் எத்தனை அழைப்பு?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. இந்தக் கேள்வியை மேலாளர் கேட்பாரா என்பதை வைத்தே நான் முடிவு செய்வேன்.

சேல்ஸ்ஃபோர்ஸ் இதற்கு நேரெதிர். பெரும்பாலான ரெக்கார்டுகளுக்கு உள்ளே என்ன இருந்தாலும் 2 கேபி என்றே கணக்கு. அடிப்படை டேட்டா இடம் 10 ஜிபி. நம் 43,200 வரிகள் வருடத்துக்கு 85 எம்பி கூட ஆகாது. இங்கே இறுக்குவது கஸ்டம் ஃபீல்டு: ஒரு ஆப்ஜெக்டுக்கு, அதாவது ஏர்டேபிளின் டேபிள் போன்ற ஒன்றுக்கு, ப்ரொஃபஷனல் பிளானில் 100, என்டர்பிரைஸில் 500. நூறு எப்படி நிரம்பும் என்று கேட்பீர்கள். "முதல் அழைப்பு தேதி", "இரண்டாம் அழைப்பு தேதி", "மூன்றாம் அழைப்பு முடிவு" என்று ஆளாளுக்குச் சேர்த்தால் ஒரு வருடத்தில் நிரம்பும். அவற்றையெல்லாம் தனித்தனி வரியாக மாற்றுங்கள். இங்கே வரி மலிவு. ஏர்டேபிளில் தவிர்த்ததையே இங்கே செய்ய வேண்டும். அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள் பழைய அமைப்பை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது.

ஃபீல்டு தட்டுப்பாட்டுக்காக மட்டும் என்டர்பிரைஸுக்குத் தாவ நினைத்தால், முதலில் அழித்த ஃபீல்டுகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். அழித்தவை 15 நாள் அங்கேயே இருக்கும்; முழுசாக நீக்கும்வரை அவையும் அந்த நூறில் அடக்கம்.