பட்ஜெட் விளக்கத்தைப் பட்டியலாக்க வேர்டா, எக்செல்லா?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் ஒரு சிறிய தொண்டு அமைப்பு, மாலைநேரப் படிப்பு மையங்களுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்ஜெட்டைப் பத்தி பத்தியாக எழுதி முடித்தாயிற்று. "தலைப்புவாரியாகப் பட்டியல் போட்டு அனுப்புங்கள், மொத்தம் விளக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும்" என்கிறது நிதி தரும் நிறுவனம். வேர்ட் கோப்பிலேயே பட்டியலைச் செருகுவதா, எக்செல்லில் கணக்குப் போட்டு எடுத்து வருவதா?

விளக்கத்தில் இருப்பது இது: 6 மையங்கள், மையத்துக்கு ஒரு ஆசிரியர், மாதம் ரூ.4,500, 10 மாதம். "மாதம் ரூ.18,000 சம்பளத்தில் பாதி நேர ஒருங்கிணைப்பாளர்", 12 மாதம். ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தை மலைக்கு ஏறி இறங்க பெட்ரோல் மாதம் ரூ.2,500, அதுவும் 12 மாதம். 180 பிள்ளைகளுக்குத் தலா ரூ.350க்குப் புத்தகம். 7 பேருக்கு 2 நாள் பயிற்சி, ஆளுக்கு நாளொன்றுக்கு ரூ.400. திட்டச் செலவில் 10% நிர்வாகச் செலவு. கடைசி வரி: "மொத்தம் ரூ.5.30 லட்சம்."

வேர்டில் செய்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே நாம் தட்டுவது விடையை மட்டும்தான். ஒருங்கிணைப்பாளருக்கு 1,08,000 என்று போட்டால், 18,000 முழுச் சம்பளமா, பாதிச் சம்பளமா என்ற கேள்வி கண்ணிலேயே படாது. வேர்டிலும் கூட்டல் உண்டு, `=SUM(ABOVE)` என்று. அதில் ஒரு தொல்லை: தலைப்புக் கட்டத்தில் 2025 என்று ஆண்டு போட்டிருந்தால் அதையும் சேர்த்துக் கூட்டிவிடும். நடுவில் துணை மொத்தம் இருந்தால் அது இரண்டு தடவை ஏறும். ஒரு தொகையை மாற்றிவிட்டு F9 அழுத்த மறந்தால் பழைய மொத்தமே சிரித்துக்கொண்டு நிற்கும்.

எக்செல்லில் C முதல் F வரை எண்ணிக்கை, விலை, தடவை, பங்கு என்று நான்கு நெடுவரிசைகள் வைத்துக்கொள்ளலாம். தடவை என்பது மாதமோ, நாளோ. பங்கு என்பது முழு நேரமானால் 1, பாதி நேரமானால் 0.5. பொருந்தாத கட்டத்தில் 1 போடுங்கள்; காலியாக விட்டால் விடை 0 ஆகிவிடும்.

```
=ROUND(C2*D2*E2*F2,0)
```

| விளக்கத்தின் பத்தி | செலவு | கணக்கு | ரூ. |
|---|---|---|---|
| 1 | ஆசிரியர்கள் | 6 × 4,500 × 10 | 2,70,000 |
| 2 | ஒருங்கிணைப்பாளர் | 18,000 × 12 × 0.5 | 1,08,000 |
| 3 | பெட்ரோல் | 2,500 × 12 | 30,000 |
| 4 | புத்தகம் | 180 × 350 | 63,000 |
| 5 | பயிற்சி | 7 × 400 × 2 | 5,600 |
| | திட்டச் செலவு | | 4,76,600 |
| 6 | நிர்வாகம் 10% | | 47,660 |
| | மொத்தம் | | 5,24,260 |

பங்கு 0.5 சரிதானா? 1 என்று போட்டால் திட்டச் செலவே 5,84,600 ஆகி, விளக்கத்தின் மொத்தத்தைத் தாண்டிவிடுகிறது. எனவே எழுதியவர் மனதில் 18,000 முழுச் சம்பளம். விளக்கத்திலும் அதைச் சொல்லிவிட வேண்டும்: "முழு நேரச் சம்பளம் 18,000, அதில் பாதி இத்திட்டத்தில்."

இனி 5.30 லட்சத்துக்கு வருவோம். 5,740 ரூபாய் இடிக்கிறது. முழு எண்ணாக்கியதால் வந்தது என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் 5,24,260ஐ யாரும் 5.30 என்று சுருக்க மாட்டார்கள். 4,76,600ஐ 0.9ஆல் வகுத்துப் பாருங்கள்: 5,29,556. ஆக, வாக்கியத்தில் "திட்டச் செலவில் 10%" என்று எழுதிவிட்டு, மொத்தத்தில் 10% என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வேர்டில் செய்பவர் இந்த இடத்தில் நிர்வாக வரியில் 53,400 என்று தட்டி மொத்தத்தை நேர்செய்துவிடுவார். மேலோட்டமாகப் பார்த்தால் பொருந்தும். அது உண்மையில் 11.2%, மதிப்பீடு செய்பவர் கையில் கால்குலேட்டர் இருந்தால் அரை நிமிடத்தில் பிடித்துவிடுவார்.

எந்த 10% என்பதை நிதி தருபவரின் விதிமுறையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதில் "திட்டச் செலவில்" என்று இருந்தால் விளக்கத்தின் கடைசி வரியை ரூ.5,24,260 என்று திருத்த வேண்டும். பட்டியலை வளைத்து விளக்கத்துக்குப் பொருத்தக் கூடாது. அதனால்தான் என் ஓட்டு எக்செல்லுக்கு. கூடுதலாக இரண்டு நெடுவரிசைகள் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் விளக்கத்தில் உள்ள தொகை, அடுத்ததில் வித்தியாசம். எல்லா வரியிலும் வித்தியாசம் 0 வரும்வரை விளக்கத்தைத் திருத்துங்கள். அனுப்பும் பிரதியில் இந்த இரண்டும் வேண்டாம்.

எக்செல்லிலும் குறை இல்லாமல் இல்லை. `ROUND` போடாமல் திரையில் மட்டும் பைசாவை மறைத்தால், கண்ணுக்குத் தெரியும் தொகைகளைக் கூட்டும்போது ஒரு ரூபாய் உதைக்கும். இன்னொன்று, பட்டியலை வேர்டில் இணைப்பாக ஒட்டி அனுப்பினால், பெறுபவர் கணினியில் மூலக் கோப்பு இருக்காது. இணைப்பைப் புதுப்பிக்கவா என்று கேட்டு அவரைக் குழப்பும். சாதாரணமாக ஒட்டி, பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடலாம். நிதி தருபவர் தன் வேர்ட் படிவத்தையே நிரப்பச் சொன்னால் வேறு வழியில்லை; அப்போதும் கணக்கை எக்செல்லில் முடித்துவிட்டு, தொகைகளை மட்டும் படிவத்தில் ஏற்றுங்கள்.